ஆறு தன் வாயாற் பேசுதல்
பட்டிப்பளை ஆற்றை முன்வைத்து ஒரு கட்டுரைப் பாடம்

தமிழ்க் கட்டுரைப் பயிற்சியில் தன்வரலாறு கூறல் என்று ஒரு வகை உண்டு. அதிலே குடை பேசும். பழைய நாணயம் பேசும். முறிந்த நாற்காலி பேசும். இவற்றுள் அடிக்கடி பேச வைக்கப்பெறுவது ஆறு. கல்லூரியிற் கற்று வெளியேறிய பழைய மாணவருள் ஒருமுறையேனும் ஆறாக நின்று பேசாதவர் அரியர். அப்படிப் பேசிய ஆறுகள் யாவும் ஒன்றையே பேசின என்பதையும் அவர் மறுக்கார். மலையிற் பிறந்தேன், துள்ளி விளையாடினேன், அருவியாய் வீழ்ந்தேன், சமவெளியில் வளங்கொழித்தேன், மாந்தர் என்னை மாசுபடுத்தினர், ஈற்றிற் கடலன்னையின் மடியிற் கலந்தேன் என்று அவை முடியும். இலக்கணப் பிழையில்லாத இடத்தும் இக்கட்டுரை நெஞ்சில் நிற்பதில்லை. அதன் காரணத்தை ஆராய்ந்து, வேறு விதமாக எழுதுமாறு எங்ஙனம் என்பதை நம் பகுதி ஆறொன்றைக் கொண்டே காட்டுதல் இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சோதனை செய்து பார்ப்போம். மேற்கூறிய கட்டுரையை எடுத்து, 'நான்' என்று வரும் இடந்தோறும் 'ஆறு' என்று மாற்றுக. ஆறு மலையிற் பிறக்கிறது, சமவெளியிற் பாய்கிறது, கடலிற் கலக்கிறது என்று அது ஒரு புவியியற் பாடமாகிவிடும். மாற்றியதனால் இழந்தது யாது? ஒன்றுமில்லை. தன்மையிடத்தில் எழுதியதை எளிதிற் படர்க்கைக்கு மாற்ற முடியுமாயின், அங்கே பேசியது ஆறன்று. பாடநூலே ஆற்றின் சட்டையை அணிந்து பேசியது. 'துள்ளினேன்', 'மகிழ்ந்தேன்' என்னும் சொற்கள் உணர்ச்சியின் பெயர்களேயன்றி உணர்ச்சி அல்ல. ஆறு ஏன் மகிழ்ந்தது, முன்பு அது எவ்வாறு இருந்தது, மகிழ்ந்தபின் அதன் நீரில் என்ன மாறிற்று என்பன சொல்லப்படவில்லை.

அஃறிணைப் பொருளைப் பேச வைக்கும் உரிமை நமக்கு உண்டா என்று ஐயுற வேண்டுவதில்லை. கேட்பன போலவும், சொல்வன போலவும், இயங்குவன போலவும், தொழில் செய்வன போலவும் அஃறிணையைக் கூறலாம் என்று நன்னூலார் இடந்தந்திருக்கிறார். எனினும் ஒரு வேறுபாட்டை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். சிலப்பதிகாரத்திலே, புறஞ்சேரி இறுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் புகுமுன் வையையைக் காண்கின்றனர். அவர்க்கு நேரவிருக்கும் துன்பத்தை முன்னரே அறிந்தவள் போல, வையை தன் கண்ணீரை மறைத்துப் பூவாடை போர்த்துச் செல்கிறாள் என்று இளங்கோவடிகள் கூறுவார். நீர்மேற் பூக்கள் மிதப்பது இயல்பு. அதற்கொரு துயரத்தைக் காரணமாக ஏற்றியது புலவரின் குறிப்பு. இது தற்குறிப்பேற்றம். இங்கே ஆறு வாய் திறக்கவில்லை. கரையில் நிற்கும் புலவர் ஆற்றை நோக்கிப் பேசுகிறார். அவருக்கு ஊழ் தெரியும். நாளை நடப்பதும் தெரியும். ஆறே பேசுமிடத்து அந்த உயர்ந்த கரையை விட்டு எழுதுபவன் நீருக்குள் இறங்கிவிடுகிறான். அங்கே அவனுக்குத் தெரிவன மிகச் சில.

அவை யாவை? ஆற்றைத் தொடுவனவும், ஆற்றை அடையும் ஒலிகளுமே. எருமையின் வயிறு, தோணிக் கழியின் நுனி, துரிசின் இரும்பு, வெயிலின் சூடு, மண்ணின் பாரம், கடலுப்பின் சுவை ஆகியன ஆற்றுக்குத் தெரியும். ஆண்டும் திகதியும் அரசும் ஊரின் பெயரும் ஆற்றுக்குத் தெரியா. கட்டுரையை எழுதுபவன் அவற்றையெல்லாம் நன்கு அறிந்திருக்க வேண்டும். அறிந்தவற்றை ஆற்றின் வாயில் வையாதிருக்கவும் வேண்டும். 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மட்டக்களப்பு வாவியிற் கேட்கும் பாடுமீன் ஒலியை நீரரமகளிரின் இசையாக யாழ்நூலிலே அமைத்ததை இங்கு நினைந்துகொள்ளலாம். கற்பனை எவ்வளவு உயரப் பறந்தபோதும், தோணியிற் செல்வோர் செவியாற் கேட்டதொன்றிலிருந்தே அவர் அதனைத் தொடங்கினார்.

இனி, நம் ஆறு எது? கல்முனைப் பட்டினத்தின் நடுவே பேராறு எதுவும் ஓடவில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், வடமேற்கே மட்டக்களப்பு வாவியின் தென்கோடி, சாய்ந்தமருதின் குடிமனைகளுக்கிடையே தோணா. இவ்வூர் மாணவன் காவிரியைப் போலொரு நதியைத் தன் பட்டினத்தின் நடுவே ஓடவிட்டானாயின், முதல் வரியிலேயே அவன் கட்டுரை பொய்த்துவிடும். நம் பகுதியின் பேராறு பட்டிப்பளை ஆறு; கல்லோயா எனவும் வழங்கும். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிலே தோன்றி, இங்கினியாகலையைக் கடந்து, ஏறக்குறைய 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலை அடைவது. 1949ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. இங்கினியாகலையில் அணையெழுந்து சேனநாயக்க சமுத்திரம் தோன்றியது. அதன்பின் ஆற்று நீர் இடது கரை, வலது கரை வாய்க்கால்களிலும் பழைய ஆற்றுவழியிலுமாகப் பிரிந்து, தமிழர் வயலுக்கும் முஸ்லிம்கள் வயலுக்கும் சிங்களக் குடியேற்றத்தார் வயலுக்கும் பாய்கிறது. ஊருக்குள் ஆறாக வராவிடினும், சோறாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வருகிறது என்க.

இந்த ஆற்றுக்கு உணர்ச்சிப் போக்கு ஒன்றை அமைக்க நம் இலக்கணத்திலேயே ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு அது. அகத்தெழுந்த உணர்ச்சி மெய்யின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. ஆற்றுக்கு மெய் யாது? நீரே அதன் மெய். ஆதலின் நீரின் விரைவு, ஆழம், நிறம், குளிர், ஒலி ஆகியவற்றிலே காட்ட இயலாத உணர்ச்சியை ஆற்றுக்கு ஏற்றலாகாது. அதனினும் பயன்படுவது வேறொன்று. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் அது பிறக்கும் நிலைக்களன் நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். பெருமிதத்தின் நிலைக்களன்களுள் கொடை ஒன்று. இளிவரலுக்கு மென்மை ஒன்று. வெகுளிக்கு உறுப்பறை ஒன்று. அழுகைக்கு இழவு ஒன்று. உறுப்பறை என்பது உறுப்பை அறுத்தல். இந்நான்கையும் பட்டிப்பளை ஆற்றின் ஓராண்டோடு பொருத்திப் பாருங்கள். வயலுக்குக் கொடுத்தலாற் பெருமிதம். கோடையில் மெலிதலால் இளிவரல். தாழ்நிலங்களை இழத்தலால் வெகுளி. வெள்ளத்தில் நேர்ந்த உயிரிழப்பால் அழுகை. ஒன்று மற்றதற்குக் காரணமாகித் தொடர்கிறது. வலிந்து புகுத்தியது எதுவுமில்லை.

கொடையிலிருந்து தொடங்குவோம். தேக்கத்துக்குள் நுழையும் ஆறு அங்கே அசைவற்றுக் கிடக்கிறது. மலையிலிருந்து சுமந்து வந்த மண் அடியிற் படிந்துவிடுகிறது. ஆழத்துத் துரிசின் வழியே வெளிவரும் நீர் தெளிந்தது, குளிர்ந்தது. இதைப் பாடநூல் சொன்னால் அது செய்தி. ஆறு சொன்னால் எப்படி இருக்கும்?

"மலையிலிருந்து கொண்டுவந்த மண்ணை இறக்கிவைத்தேன். கலக்கம் போயிற்று. பிறகு ஒரு சிறிய இரும்புக் கதவு திறந்தது. ஒருவர்பின் ஒருவராய் வருவது போல வந்தேன். வட்டை வட்டையாக என்னைப் பங்கிட்டார்கள். வரம்பை வெட்டி, ஒரு பாதத்தால் என்னைத் தடுத்து, அடுத்த வரவைக்குத் திருப்பினார்கள். எந்தப் பங்கிலும் நான் குறைந்து போகவில்லை."

'நான் பெருமைப்பட்டேன்' என்று இங்கே ஆறு சொல்லவில்லை. ஈற்று வாக்கியத்திலே அது தானே தெரிகிறது. பாதத்தால் நீரைத் தடுத்தல் வயலில் நின்றவர் எவர்க்கும் தெரிந்த செயல். போடியாரும் வட்டவிதானையும் பெயரால் வரவில்லை. ஒரு பாதமே வந்தது. ஆற்றுக்குத் தெரிந்தது அவ்வளவே.

அடுத்தது கச்சான் காலம். சிறுபோகம் முற்றும் வேளையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். கீழாற்றில் வந்து சேர்வது பெரும்பாலும் வயல்கள் பயன்படுத்தியபின் வடியும் நீர். பசளையும் மருந்தும் கலந்தது. ஆற்றோட்டம் தளர்ந்தபோது கடலலை ஆற்றுவாயில் மணலைக் குவித்து அடைத்துவிடும். இவ்விடத்து மாணவர் பலர் 'மனிதா! நீ என்னை நாசமாக்கினாய்' என்று வைவர். அது ஆற்றின் வெகுளியன்று, எழுதுபவனின் அவசரம். மெலிந்தவன் வைவதில்லை, தன் மெலிவு பிறர்க்குத் தெரிந்துவிட்டதே என்று ஒடுங்குவான். இளிவரல் என்பது அதுவே.

"எருமைகள் என்னிற் படுத்தால் அவற்றின் முதுகு நனைவதில்லை. கரைக்குக் கரை நடப்பவர்கள் சாரனை மடித்துக் கட்டுவதில்லை. வயலுக்குப் போன என் பங்கு வேறொரு நாற்றத்தோடு திரும்பி வருகிறது; அதை அடையாளங்கண்டு ஏற்றுக்கொள்கிறேன். கடலின் சத்தம் மிக அருகிற் கேட்கிறது. இடையில் மணல். அதன் அடியைத் தொட்டுத் தொட்டு நிற்கிறேன்."

இப்பகுதியை நீட்டி எழுதலாம், நீட்டவும் வேண்டும். ஆறு எதை விரும்புகிறது என்பது இங்கேதான் தெரியவருகிறது. அது கடலை விரும்புகிறது. விருப்பமும் தடையும் அருகருகே நின்றாலன்றிப் பின்வரும் கோபத்தைப் படிப்பவர் நம்பமாட்டார். பல கட்டுரைகளில் ஆறு திடீரெனப் பொங்குவதும், ஏன் பொங்கிற்று என்று நாம் வியப்பதும் இந்த இடத்தை இரண்டு வரியிற் கடந்துவிடுவதால் வரும் குறையாகும்.

கார்த்திகையில் மாரி இறங்குகிறது. மழை பெய்தால் ஆறு பெருகும் என்பது உண்மையாயினும், அம்மட்டில் அது வெகுளிக்குக் காரணமாகாது. வெள்ளம் வரும் ஆற்றுக்கு இருமருங்கும் தாழ்நிலம் வேண்டும். சதுப்பும் வில்லும் பள்ள வயலும் அந்நாட்களில் நீரை ஏந்தி, விரைவைத் தணித்து, மெல்லமெல்லக் கீழே விடும். கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடரிலே நெருங்கி வாழும் நம் ஊர்களுக்கு வீடு கட்ட நிலம் போதாது. ஆகவே தாழ்நிலங்களை நிரப்புகிறோம். நிரப்பியவன் வீடில்லாதவன், அவனைக் கொடியவன் என்பதற்கில்லை. ஆயினும் ஆற்றுக்கு அது உறுப்பறையே. இவ்விரண்டையும் ஒருங்கே எழுதத் தெரிந்தவனே இப்பகுதியை எழுதத் தகுந்தவன் என்பது எமது கருத்து.

"மூன்று நாளாய் மழை. எனது பழைய படுக்கைக்குப் போனேன். அங்கே சுவர் இருந்தது. சுவருக்குள் ஒரு தொட்டில் கயிறு என்னைத் தொட்டது. அப்பாலுள்ள பள்ளத்துக்குப் போனேன், கிறவல் கொட்டியிருந்தது. நான் தங்கி ஆறும் இடங்களெல்லாம் நிரம்பியிருந்தன. ஆகையால் தங்கவில்லை."

'ஆகையால் தங்கவில்லை' என்பதிலே வெகுளி இருக்கிறது. 'சீறினேன், கொந்தளித்தேன், ஆர்ப்பரித்தேன்' என மூன்று வினைமுற்றுகளை அடுக்கியிருந்தால் இவ்வளவு அச்சம் வந்திராது.

இனி வருவது கடினமான இடம். காரைதீவிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் வீதியிலே, மாவடிப்பள்ளி என்னுமிடத்தில், மாரி மிகுந்தால் வெள்ளம் வீதியை மேவிப் பாயும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அவ்விடத்தில் வெள்ளத்தாற் புரட்டப்பட்டது. பிள்ளைகள் சிலர் மீட்கப்பட்டனர்; பலர் மீளவில்லை. இம்மலரைப் புரட்டுவோருள் அவர்களை அறிந்தோர் இருத்தல் கூடும். நம் பகுதியின் ஆற்றைப் பேச வைப்பவன் இதனைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. கண்டபடி எழுதுதலும் ஆகாது.

இரண்டு வழிகள் கையருகே இருக்கின்றன, இரண்டும் பிழை. பிள்ளைகளின் கடைசிக் கூக்குரலை ஆற்றின் வாயாற் சொல்ல வைத்தல் ஒன்று. அக்குரல் எழுதுபவனின் உடைமையன்று. அதனை எடுத்து அழகு செய்ய அவனுக்கு உரிமையில்லை. ஆறு கரைமேல் நின்றோரை நோக்கி 'என்னை மன்னியுங்கள்' என்று அழுதல் மற்றொன்று. கேட்பதற்கு உருக்கமாக இருக்கும் இது உண்மையில் தீங்கானது. ஆறு குற்றத்தை ஏற்றுக்கொண்டால், தாழ்ந்த வீதியைப் பற்றியும், நிரப்பிய பள்ளத்தைப் பற்றியும், மழைநாளிற் பிள்ளைகளை அவ்வழியே அனுப்ப நேர்ந்ததைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் நீரோடு போய்விடும். நீர் செய்தது தன் இயல்பை. பள்ளத்தை நோக்கி ஓடிற்று. ஆகவே ஆறு நிகழ்ந்ததைச் சொல்லாமல், நிகழ்ந்ததற்கு முன்னும் பின்னும் தன்னிடத்து இருந்ததை மட்டும் சொல்லட்டும். இடையில் ஒரு வெற்றிடம் இருக்கட்டும்.

"வீதி என் அடியில் இருந்தது. அதன்மேற் சக்கரங்கள் வந்தன.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் கரையெங்கும் பாதங்கள். நீண்ட கழிகளால் என் அடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தோணிகள் மெல்லப் போயின. எவரும் உரத்துப் பேசவில்லை. நான் வடிந்தேன். என்னால் இயன்ற விரைவில் வடிந்தேன்."

கோடையில் ஆறு மணலைத் 'தொட்டுத் தொட்டு' நின்றது. இப்போது மனிதர் ஆற்றைத் 'தொட்டுத் தொட்டு'ப் பார்க்கின்றனர். அச்சொல்லை மீண்டும் வைத்தது வேண்டுமென்றே. தேடுபவனின் கை எத்தகையது என்று ஆறு முன்னரே அறிந்திருக்கிறது. ஆறு செய்யக்கூடிய ஒரே செயல் வடிதல், அதனைச் செய்கிறது. அழுகை அவ்விடத்து நிற்பதே போதும். கண்ணீர் என்று எழுதினால் கெட்டுவிடும். நீரே உடம்பானவனுக்குக் கண்ணீர் வேறாக எங்கிருந்து வரும்?

எஞ்சியிருப்பது ஆற்றுவாய். வெள்ளநாளில் ஊரவர் மண்வெட்டியோடும், இக்காலத்தில் பெரும் இயந்திரங்களோடும் சென்று அடைத்த மணலை வெட்டுவர். முழுவதையும் வெட்டுவதில்லை, ஒரு சிறு கானை வெட்டிவிட்டாற் போதும், நீர் தானே இருபுறத்து மணலையும் அரித்துச் சில மணி நேரத்தில் வாயை அகலமாக்கிவிடும். பின்பு நீர்மட்டம் தாழ்ந்தபோது கடல்நீர் உள்ளே ஏறிவரும். கட்டுரையின் முடிவுக்கு இந்நிகழ்ச்சி போதுமானது. 'கடலன்னையின் மடியில் இன்பமாய்க் கலந்தேன்' என்பது இங்கே பொருந்தாது. மாவடிப்பள்ளியைக் கடந்து வந்த ஆறு கடலைக் கண்டு களித்ததென்றால் எவர் ஏற்பார்? அது விரும்பிய கடல் கிடைத்துவிட்டது. விரும்பியபோது இருந்த ஆறு இப்போது இல்லை. இவ்விரண்டையும் விளக்காமல், உப்பைத் தொட்டவுடனே நிறுத்திவிடல் வேண்டும். அதற்குமேல் ஆறு மனிதருக்கு அறிவுரை கூறத் தொடங்கினால், ஆறு மறைந்து ஆசிரியர் தோன்றிவிடுவார்.

எமது மாதிரி பின்வருமாறு முடிகிறது. மாணவர் தத்தம் துறையிலும் தோணாவிலும் நின்று கேட்டதைக் கொண்டு வேறு விதமாக முடிப்பாராக.

"மணலில் ஒரு கானை வெட்டினார்கள், ஒரு முழ அகலம். நுழைந்தேன். மணல் என் இருபுறமும் விழுந்துகொண்டே இருந்தது. வெட்டியவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். இரவு முழுவதும் போனேன். விடியும்போது எதிரே ஒன்று உள்ளே வந்தது, உவர்த்தது."